ஆற்று நீரைச் சுண்டக் காய்ச்சினால் கடல்நீர் கிடைக்குமா?

மழைநீர் பாறைகளில் உள்ள உப்பைக் கரைக்கிறது, ஆறு அதைச் சுமந்துபோய்க் கடலில் கொட்டுகிறது, வெயிலில் தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போக உப்பு தங்கிவிடுகிறது. கடல் ஏன் கரிக்கிறது என்று கேட்டால் பள்ளிப் பாடப் புத்தகம் முதல் பெரியவர்கள் வரை எல்லோரும் சொல்லும் விடை இதுதான். இதில் தவறு ஏதும் இல்லை. ஆனால் இது பாதி விடை. மீதிப் பாதியைத் தேடிப் போனால்தான் கேள்வி எவ்வளவு ஆழமானது என்று தெரியும்.

இந்த விடை முழுமையானது என்றால் ஒரு சோதனையில் அது தேற வேண்டும். ஆற்று நீரை எடுத்து, தண்ணீரை மட்டும் போக்கிச் சுண்டச் சுண்டக் காய்ச்சினால், ஏதோ ஒரு கட்டத்தில் அது கடல்நீராக மாற வேண்டும். 1967-இல் ராபர்ட் காரெல்ஸ், ஃப்ரெட் மெக்கென்ஸி என்ற இரண்டு அமெரிக்கப் புவிவேதியியலாளர்கள் இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தார்கள். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலை ஊற்றுகளின் நீரை எடுத்துக்கொண்டு, அது ஆவியாக ஆவியாக ஒவ்வொரு கட்டத்திலும் எது படியும், எது மிஞ்சும் என்று கணக்கிட்டார்கள். கடைசியில் கிடைத்தது கடல்நீர் அல்ல. சலவைச் சோடாவைக் கரைத்தது போன்ற, காரம் மிகுந்த சோடியம் கார்பனேட் கரைசல். இயற்கையிலும் இதற்குச் சாட்சி உண்டு. வெளியேற வழியில்லாத துருக்கியின் வான் ஏரியும், மகாராஷ்டிரத்தின் லோணார் ஏரியும் காரநீர் ஏரிகளாகத்தான் ஆகியிருக்கின்றன.

ஆகவே கடல் என்பது சுண்டிப்போன ஆறு அல்ல. அப்படியானால் ஆறு கொண்டுவந்த சரக்கில் எது எங்கே போயிற்று, எது மட்டும் ஏன் தங்கிற்று என்பதே உண்மையான கேள்வி.

இரண்டு நீர்களின் கணக்கு

முதலில் ஆற்று நீரில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். டேனியல் லிவிங்ஸ்டன் 1963-இல் உலக ஆறுகளின் பகுப்பாய்வுகளைத் திரட்டி ஒரு சராசரியைத் தந்தார். ஒரு லிட்டர் ஆற்று நீரில் கரைந்திருப்பது மொத்தம் 120 மில்லிகிராம் அளவுக்குத்தான். அதில் பாதி பைகார்பனேட், ஏறத்தாழ 58 மில்லிகிராம். அடுத்து கால்சியம் 15, சிலிக்கா 13. சாப்பாட்டு உப்பின் இரு பகுதிகளான சோடியமும் குளோரைடும் கடைசி வரிசையில் நிற்கின்றன. சோடியம் 6.3 மில்லிகிராம், குளோரைடு 7.8 மில்லிகிராம்.

கடலில் வரிசை தலைகீழ். ஒரு கிலோ கடல்நீரில் உள்ள சுமார் 35 கிராம் உப்பில் குளோரைடு மட்டுமே 19.4 கிராம், சோடியம் 10.8 கிராம். கால்சியம் 0.41 கிராம்தான். ஆற்றில் முதலிடத்தில் இருந்த பைகார்பனேட் இங்கே 0.14 கிராம். சிலிக்காவோ ஆற்றில் இருப்பதைவிடவும் குறைவு. வெயில் படும் மேல்மட்டக் கடலில் பல இடங்களில் அது கிட்டத்தட்ட இல்லை.

ஆறு ஏன் கரிப்பதில்லை என்பதற்கான விடை இந்த எண்களிலேயே இருக்கிறது. ஆற்று நீர் உப்பில்லாத நீர் அல்ல. அதில் உள்ள உப்பு நம் நாக்குக்கு எட்டாத அளவு குறைவு. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் குளோரைடுக்கு ஏற்கத்தக்க வரம்பு லிட்டருக்கு 250 மில்லிகிராம். அதைத் தாண்டும்போதுதான் கரிப்பு தெரியத் தொடங்கும். சராசரி ஆறு அந்த வரம்பில் முப்பதில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. அதோடு ஆற்றில் தண்ணீர் நின்று சேர்வதும் இல்லை. ஆற்றில் இறங்கிய நீர் பெரும்பாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ கடலை அடைந்துவிடுகிறது. கரைத்துக்கொள்ளவும் நேரம் குறைவு, சுண்டிப்போகவும் நேரம் குறைவு.

இந்தச் சிறிதளவு உப்பு வரும் வழியையும் பார்த்துவிடலாம். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்திருப்பதால் மழைநீர் இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை கொண்டது. மலைப் பாறைகளில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தை இந்த மெல்லிய அமிலம் மெதுவாக அரிக்கிறது. கனிமத்தின் ஒரு பகுதி களிமண்ணாக அங்கேயே மிஞ்சுகிறது. சோடியமும் கால்சியமும் கரைந்த சிலிக்காவும் நீரோடு வெளியேறுகின்றன. அமிலமாக வந்த கார்பன் பைகார்பனேட்டாக மாறி உடன் செல்கிறது. பொதிகையில் புறப்பட்டுப் புன்னக்காயல் அருகே கடலில் சேரும் தாமிரபரணியும் இதே வேலையைத்தான் செய்கிறது. பாறையில் கிடப்பதை அது கரைக்கிறது. பாறையில் கல்லுப்பு கிடக்கவில்லை.

ஜோலி போட்ட கணக்கு

1899-இல் டப்ளின் நகரத்து டிரினிட்டி கல்லூரியின் புவியியல் பேராசிரியர் ஜான் ஜோலி, கடலின் சோடியத்தை வைத்துப் பூமியின் வயதைக் கண்டுபிடிக்க முயன்றார். யுக்தி எளியது. தொடக்கத்தில் கடல் நன்னீராக இருந்தது என்று வைத்துக்கொள்வோம். இன்று கடலில் உள்ள மொத்தச் சோடியத்தை, ஆறுகள் ஆண்டுதோறும் கொண்டுவரும் சோடியத்தால் வகுத்தால், எத்தனை ஆண்டுகளாக ஆறுகள் ஓடுகின்றன என்று தெரிந்துவிடும். அவருக்குக் கிடைத்த விடை 8 கோடி முதல் 9 கோடி ஆண்டுகள்.

இந்தக் கணக்கை இன்றைய எண்களைக் கொண்டு நாமே போட்டுப் பார்க்கலாம். உலக ஆறுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 37,000 கன கிலோமீட்டர் நீரைக் கடலில் சேர்க்கின்றன. கடல்களின் மொத்தக் கொள்ளளவு சுமார் 133 கோடி கன கிலோமீட்டர். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 36,000 வரும். அதாவது, காலியான கடலை நிரப்ப ஆறுகளுக்கு 36,000 ஆண்டுகள் பிடிக்கும். ஒரு கிலோ கடல்நீரில் உள்ள சோடியமோ, அதே அளவு ஆற்று நீரில் உள்ளதைப் போல 1,700 மடங்கு. எனவே ஆறுகள் கடலை 1,700 முறை நிரப்பினால்தான் இவ்வளவு சோடியம் சேர்ந்திருக்க முடியும். 36,000-ஐ 1,700-ஆல் பெருக்கினால் சுமார் 6 கோடி ஆண்டுகள். ஜோலி பயன்படுத்திய ஆற்றுத் தரவுகள் வேறு. ஆனாலும் இரண்டும் ஒரே தரத்தைச் சேர்ந்த விடைகள்.

பூமியின் வயது அது அல்ல. கிளேர் பேட்டர்சன் 1956-இல் விண்கற்களின் ஈயத்தை ஆராய்ந்து 455 கோடி ஆண்டுகள் என்று நிறுவினார். ஜோலியின் விடையைவிட இது ஐம்பது மடங்கு அதிகம். ஆறுகள் இதே வேகத்தில் அந்தக் காலம் முழுதும் சோடியத்தைக் கொட்டி, எதுவும் வெளியேறாமல் இருந்திருந்தால், இன்றைய கடலில் இருப்பதைப்போல் பல பத்து மடங்கு சோடியம் இருக்க வேண்டும். தண்ணீரில் அவ்வளவு உப்பு கரையவே கரையாது. லிட்டருக்கு சுமார் 360 கிராம் கரைந்ததும் மேற்கொண்டு போடுகிற உப்பு அடியில்தான் நிற்கும்.

ஜோலியின் பெருக்கல் வகுத்தலில் பிழையில்லை. கடலுக்குள் வந்த சோடியம் வெளியே போவதில்லை என்ற அனுமானம்தான் பிழை. 1950-களில் நார்வே நாட்டவரான தாமஸ் பார்த் அதே வகுத்தலுக்குப் புதிய பொருள் கொடுத்தார். அது கடலின் வயதைச் சொல்லவில்லை. ஒரு சோடியம் அணு சராசரியாக எவ்வளவு காலம் கடலில் இருந்துவிட்டு வெளியேறுகிறது என்பதைச் சொல்கிறது. இதைத் தங்கும் காலம் எனலாம். ஒரு சத்திரத்துக்கு நாளுக்கு நூறு பேர் வந்து மறுநாளே கிளம்பிவிட்டால் அங்கே எப்போதும் நூறு பேர்தான் இருப்பார்கள். நாளுக்குப் பத்துப் பேர் வந்து ஆளுக்கு ஓராண்டு தங்கினால் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருப்பார்கள். கூட்டத்தைத் தீர்மானிப்பது வருகை மட்டுமல்ல, தங்கலும்தான்.

இதே வகுத்தலை மற்றப் பொருள்களுக்கும் செய்தால் கடலின் கதை வெளிப்படும். குளோரைடின் தங்கும் காலம் ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகள். மக்னீசியம் ஒரு கோடிக்குச் சற்று அதிகம். கால்சியம் 10 லட்சம். ஆற்றில் முதலிடம் வகிக்கும் பைகார்பனேட் ஒரு லட்சத்துக்கும் குறைவு. சிலிக்கா இருபதாயிரம் ஆண்டுகளுக்குள் வெளியேறிவிடுகிறது. கடல்நீரில் எது எவ்வளவு இருக்கிறது என்ற பட்டியல், உண்மையில் எது எவ்வளவு காலம் தங்குகிறது என்ற பட்டியலின் நிழல்தான்.

இதிலிருந்து இன்னொன்றும் புரிகிறது. கடல்நீர் உலகம் முழுதும் ஒருமுறை கலந்து முடிய ஆயிரம் ஆண்டு அளவில் ஆகிறது. சோடியம் கோடிக்கணக்கான ஆண்டுகள் தங்குவதால் அது ஆயிரக்கணக்கான முறை கலந்துவிடுகிறது. சேலஞ்சர் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றி எடுத்துவந்த நீர் மாதிரிகளில் 77-ஐ வில்லியம் டிட்மார் பகுத்துப் பார்த்தார். 1884-இல் வெளியான அவருடைய முடிவு, எந்தக் கடலிலும் சோடியம், குளோரைடு, மக்னீசியம் முதலான முக்கிய உப்புகளின் விகிதம் ஒன்றே என்பதை உறுதிப்படுத்தியது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நீரால் வங்கக் கடலின் வடபகுதி உப்பு குறைந்தது. ஆவியாதல் மிகுந்த அரபிக்கடல் உப்பு மிகுந்தது. ஆனால் இரண்டிலும் அந்த விகிதம் மாறுவதில்லை. மாறுவது தண்ணீரின் அளவு மட்டுமே. ஆறு இன்றைக்குச் செய்யும் வேலை கடலை நீர்க்கச் செய்வது. அது கடலுக்கு உப்பு சேர்ப்பது தெரிய லட்சக்கணக்கான ஆண்டுகள் வேண்டும்.

வெளியேறும் வரிசை: தூத்துக்குடி உப்பளம் காட்டுவது

ஏன் கால்சியம் சீக்கிரம் போகிறது, சோடியம் போக மறுக்கிறது? இதற்கு விடை தெரிய வேண்டுமானால் தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி பாத்தியாக நடந்து பார்த்தால் போதும்.

உப்பளத்துக்குள் வரும் கடல்நீர் பாமே மானியில் சுமார் மூன்றரை டிகிரி காட்டும். நீரின் அடர்த்தியைக் காட்டும் இந்தக் கண்ணாடிக் குழாய்தான் உப்பளத்தின் கடிகாரம். நீரை ஒரே பாத்தியில் விட்டு உப்பு எடுத்துவிடுவதில்லை. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றி மாற்றி வெயிலில் சுண்டவிடுகிறார்கள். நீரின் அளவு பாதியாகும்போது கால்சியம் கார்பனேட் படியத் தொடங்கும். ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போது ஜிப்சம் ஓடுபோலப் பாத்தியின் அடியில் படிகிறது. இவ்வளவு சுண்டிய பிறகும் சாப்பாட்டு உப்பு ஒரு பருக்கைகூட விழாது. மானி 25 டிகிரியைத் தாண்டி, நீர் பத்தில் ஒரு பங்காகக் குறைந்த பிறகுதான் உப்பு பூக்கும். அதனால்தான் நீரை அந்த நேரம் பார்த்துக் கடைசிப் பாத்திக்கு மாற்றுகிறார்கள். ஜிப்சம் பின்தங்கிவிட, உப்பு தனியாகக் கிடைக்கிறது. 29, 30 டிகிரியை எட்டியதும் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். தவறினால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படியும். அந்த உப்பு கசக்கும். காற்றின் ஈரத்தை இழுத்து நசநசவென்று இருக்கும்.

இந்த வரிசையை முதன்முதலில் எடையிட்டு எழுதியவர் இத்தாலிய வேதியியலாளர் உசிக்லியோ. 1849-இல் மத்தியதரைக் கடல் நீரைப் படிப்படியாக ஆவியாக்கி, எந்த அளவில் எது விழுகிறது என்று அவர் அளந்தார். உப்பளத் தொழிலாளர் மானியைப் பார்த்துச் செய்வதும் அவர் ஆய்வகத்தில் கண்டதும் ஒரே வேதியியல்.

இப்போது இதைக் கடலுக்குப் பொருத்திப் பாருங்கள். சாப்பாட்டு உப்பு படிய வேண்டுமானால் கடல் இன்றைக்கு இருப்பதைவிடப் பத்து மடங்கு சுண்ட வேண்டும். திறந்த கடலில் அது நடக்க வழியே இல்லை. ஆண்டுக்குச் சுமார் நான்கு லட்சம் கன கிலோமீட்டர் நீர் கடலிலிருந்து ஆவியாகிறது என்றாலும், அதில் பத்தில் ஒன்பது பங்கு மழையாகக் கடலிலேயே விழுந்துவிடுகிறது. மீதியும் நிலத்தில் பெய்து ஆறாகத் திரும்பி வருகிறது. எனவே சோடியத்துக்கும் குளோரைடுக்கும் படிகமாகி வெளியேறும் வாசல் திறந்த கடலில் பூட்டியே கிடக்கிறது.

கால்சியத்தின் நிலை வேறு. வெப்பக் கடல்களின் மேல்மட்ட நீர் இப்போதே கால்சியம் கார்பனேட்டைப் பொறுத்தவரை நிறைவைத் தாண்டியது. தானாக அது படிவது அரிது. கடல்நீரில் உள்ள மக்னீசியம் முதலானவை அதைத் தடுக்கின்றன. அந்த வேலையை உயிர்கள் எடுத்துக்கொண்டுள்ளன. மன்னார் வளைகுடாவின் பவளங்கள், சிப்பிகள், ஃபொராமினிஃபெரா என்ற ஒரு செல் உயிரிகள் ஆகியவை கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் எடுத்து ஓடாகவும் எலும்புக்கூடாகவும் கட்டிக்கொள்கின்றன. இறந்த பின் அவை அடியில் சேர்ந்து சுண்ணாம்புப் பாறையாகின்றன. சிலிக்காவை டயாட்டம் என்ற நுண்பாசிகள் உறிஞ்சிக் கண்ணாடிக் கூடாக்கிக்கொள்கின்றன. ஆறு ஏராளமாகக் கொண்டுவருவதெல்லாம் உயிர்களுக்கு வேண்டிய பொருள்கள், அவை போய்விடுகின்றன. சோடியத்தையோ குளோரைடையோ ஓடாகக் கட்டிக்கொள்ளும் உயிரினம் எதுவும் இல்லை. எனவே கடல் கரிப்பதற்குக் காரணம் ஆறு உப்பை மிகுதியாகக் கொண்டுவருவது அல்ல. ஆறு கொண்டுவரும் பலவற்றில் வெளியேற வழி கிடைக்காதவை உப்பாகத் தங்கிவிட்டன.

குளோரின் எங்கிருந்து வந்தது?

இன்னும் ஒரு முடிச்சு மிச்சமிருக்கிறது. பாறைகளில் சோடியம் இருக்கிறது, கரைந்து வருகிறது, சரி. ஆனால் கடலில் குளோரைடு சோடியத்தைவிட எடையில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பூமியின் மேலோட்டுப் பாறைகளிலோ சோடியம் குளோரினைப்போல் நூறு மடங்குக்கும் அதிகம். பாறை அரிப்பிலிருந்து மட்டுமே கடல் குளோரைடு வந்திருக்க வேண்டுமானால், அந்தப் பாறைகள் சோடியத்தை மலை மலையாக விட்டுச் சென்றிருக்க வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை.

1951-இல் அமெரிக்கப் புவியியலாளர் வில்லியம் ரூபி இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார். கடலிலும் காற்றிலும் பழைய படிவுகளிலும் உள்ள குளோரின், நீர், கார்பன் போன்றவற்றை, பாறைகள் அரிந்து தந்திருக்கக்கூடிய அளவோடு அவர் ஒப்பிட்டார். பாறைகளால் ஈடுகட்ட முடியாத மிகுதி பேரளவில் இருந்தது. அந்த மிகுதி பூமியின் உள்ளிருந்து வாயுவாக வெளிவந்திருக்க வேண்டும். எரிமலைகள் நீராவியுடன் ஹைட்ரஜன் குளோரைடையும் கக்குகின்றன. அது நீரில் கரைந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். பூமியின் தொடக்க காலத்தில் அந்த அமிலம் பாறைகளைத் தின்று, அவற்றிலிருந்து சோடியம் போன்ற உலோகங்களைப் பிடுங்கிக்கொண்டு கடலில் நடுநிலையானது. நாம் சோற்றில் போடும் உப்பின் ஒரு பாதி மலைப்பாறையிலிருந்தும் மறுபாதி பூமியின் வயிற்றிலிருந்தும் வந்தவை.

அப்படியானால் இன்றைய ஆறுகளில் உள்ள குளோரைடு? அதில் பெரும்பகுதி புதிய வரவே அல்ல. ஒரு பங்கு கடல் அலைத்திவலைகள் காற்றில் எழும்பி, மழையோடு நிலத்தில் விழுந்து, ஆற்றோடு திரும்பி வருவது. இன்னொரு பங்கு, பழங்காலக் கடல்கள் வற்றி விட்டுச்சென்ற உப்புப் படிவங்கள் நிலத்தடி நீரில் கரைந்து வருவது. இரண்டுமே கடலின் உப்பு கடலுக்கே திரும்புவதுதான். ஆறு கடலுக்கு உப்பு சேர்க்கிறது என்ற வாக்கியத்தில் இந்தத் திரும்பும் பங்கைக் கழித்துவிட்டால், குளோரைடின் தங்கும் காலம் மேலே சொன்ன 9 கோடி ஆண்டுகளைவிடவும் நீளும்.

சோடியம் வெளியேறும் மூன்று வழிகள்

வெளியேற வழி அரிது என்றாலும் வழியே இல்லாமல் இல்லை. இல்லாவிட்டால் ஜோலி சொன்னது சரியாகப் போயிருக்கும்.

முதல் வழி ஆற்றுக் களிமண்ணின் மூலம். நுண்ணிய களித் துகள்களின் மேற்பரப்பில் ஆற்று நீரிலிருந்து ஒட்டிய கால்சியம் இருக்கும். முகத்துவாரத்தில் உப்புநீரைத் தொட்டதும் கால்சியம் கழன்று, சோடியம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. களிமண் அடியில் புதையும்போது அந்தச் சோடியமும் சேர்ந்து புதைகிறது. ஆறு ஒரு கையால் கொடுத்ததில் கொஞ்சத்தை மறுகையால் எடுத்துக்கொள்கிறது.

இரண்டாவது, நடுக்கடல் மலைத்தொடர்கள். 1977-இல் ஆல்வின் என்ற ஆழ்கடல் ஊர்தியில் இறங்கியவர்கள் காலபகோஸ் அருகே சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டார்கள். 1979-இல் கிழக்குப் பசிபிக் மேட்டில் 350 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடான கரும்புகை ஊற்றுகள் கிடைத்தன. கடலடிப் பிளவுகளில் இறங்கும் நீர் எரிமலைக் குழம்பின் சூட்டில் பாறையோடு வினைபுரிந்து மேலே வருகிறது. வந்த நீரை ஆராய்ந்தபோது அதில் மக்னீசியம் அறவே இல்லாதது தெரிந்தது. கடலிலிருந்து போன மக்னீசியம் முழுதும் பாறையில் தங்கிவிட்டது. பதிலுக்குக் கால்சியம் வெளியே வந்தது. ஆறுகள் கொண்டுவரும் மக்னீசியம் எங்கே போகிறது என்ற நெடுநாள் கேள்விக்குப் பெரும்பகுதி விடை இதுதான். சோடியத்தின் ஒரு பங்கும் இதே சூட்டில் ஃபெல்ட்ஸ்பாருக்குள் புகுந்து பாறையாகிறது. குளோரைடுக்கு இந்த வழி பெரிதாக உதவுவதில்லை. பாறைகள் அதை ஏற்க மறுக்கின்றன.

மூன்றாவது, ஒரு கடலையே உப்பளமாக்குவது. 1970-இல் குளோமர் சேலஞ்சர் என்ற துளையிடும் கப்பல் மத்தியதரைக் கடலடியில் துளையிட்டபோது ஜிப்சமும் கல்லுப்பும் மேலே வந்தன. கென்னத் ஷூ, வில்லியம் ரையன், மரியா சீட்டா ஆகியோர் அந்தப் பயணத்தின் ஆய்வாளர்கள். பின்னாளில் துலக்கமான கதை இது. சுமார் 59.7 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஜிப்ரால்டர் பகுதியில் நிலம் உயர்ந்து அட்லாண்டிக் கடலின் வரத்து சுருங்கியது. மத்தியதரைக் கடல், ஆறுகளும் மழையும் தருவதைவிட அதிக நீரை ஆவியாக இழக்கும் கடல். வரத்து குறைந்ததும் அது சுண்டத் தொடங்கியது. உள்ளே கசிந்த அட்லாண்டிக் நீர் உப்பைக் கொண்டுவந்தபடியே இருந்தது. 53.3 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வழி மறுபடியும் திறக்கும்வரை இது நடந்தது. அதற்குள் சில இடங்களில் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகக் கனத்தில் உப்பு படிந்துவிட்டது.

எவ்வளவு உப்பு என்று பார்த்தால் அதன் வீச்சு புரியும். மத்தியதரைக் கடலடி உப்பின் பருமன் 10 லட்சம் கன கிலோமீட்டர் அளவில் மதிப்பிடப்படுகிறது. உலகக் கடல்களில் உள்ள மொத்த உப்பையும் கட்டியாக்கினால் 2 கோடி கன கிலோமீட்டருக்குச் சற்று அதிகம் வரும். உலகக் கடலின் உப்பில் இருபதில் ஒரு பங்கு அளவுக்கு, ஒரு சிறு கடல் ஆறு லட்சம் ஆண்டுகளுக்கும் சற்று மேலான காலத்தில் பூட்டி வைத்துவிட்டது. அதே காலத்தில் உலக ஆறுகள் அனைத்தும் சேர்ந்து கடலின் சோடியத்தை ஒரு விழுக்காடு அளவே கூட்டியிருக்க முடியும்.

சோடியம், குளோரைடு இரண்டையும் சேர்த்துப் பேரளவில் வெளியேற்றும் வழி இது ஒன்றுதான். ஆனால் இது ஒழுங்காக நடப்பதில்லை. கண்டங்கள் நகர்ந்து, வறண்ட வெயில் மண்டலத்தில், திறந்த கடலோடு ஒடுங்கிய வாய் மட்டும் கொண்ட ஒரு வடிநிலம் அமைய வேண்டும். அமைந்தால் சில லட்சம் ஆண்டுகளில் உப்பு மலையளவு போகும். அமையாவிட்டால் பல கோடி ஆண்டுகள் சேர்ந்துகொண்டே இருக்கும். கடலின் உப்புக் கணக்கு அதனால்தான் ஆண்டுக்கு ஆண்டு சரிக்கட்டப்படுவதில்லை.

கடல் இன்னும் உப்பாகிக்கொண்டிருக்கிறதா?

அன்று அடைபட்ட மத்தியதரைக் கடலைப் போன்ற ஒரு பெரிய உப்பு வடிநிலம் இன்று எங்கும் இல்லை. எனவே சோடியமும் குளோரைடும் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டுதான் இருக்க வேண்டும். இதை நேரடியாக அளக்க முடியுமா?

முதலில் இப்படிக் கேட்டவர் வால்மீனுக்குப் பெயர் தந்த எட்மண்ட் ஹாலி. 1715-இல் வெளியான கட்டுரையில், வெளியேற வழியில்லாத ஏரிகளிலும் கடலிலும் உப்பு எவ்வளவு கூடுகிறது என்று நூற்றாண்டுகள் இடைவிட்டு அளந்தால் உலகின் வயது தெரியும் என்றார். பண்டைய கிரேக்கரும் ரோமரும் தங்கள் காலத்துக் கடலின் கரிப்பை அளந்து எழுதி வைக்கவில்லையே என்றும் வருந்தினார்.

எழுதி வைத்திருந்தாலும் பயன்பட்டிருக்காது. சோடியத்தின் தங்கும் காலம் 6 கோடி ஆண்டுகள் என்றால், எதுவுமே வெளியேறவில்லை என்று வைத்துக்கொண்டாலும், 2,000 ஆண்டுகளில் அது முப்பதாயிரத்தில் ஒரு பங்குதான் கூடும். குளோரைடையும் சேர்த்தால் ஒரு கிலோ கடல்நீரில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான மாற்றம். இன்றைய கடலியல் ஆய்வகங்களின் சிறந்த கருவிகளும் உப்பு அளவில் கிலோவுக்கு இரண்டு மூன்று மில்லிகிராம் வரைதான் நம்பகமானவை. கிரேக்கரிடம் நம் கருவியே இருந்திருந்தாலும் ஹாலிக்கு விடை கிடைத்திருக்காது. இப்போது செயற்கைக்கோள்களும் மிதவைகளும் காட்டும் உப்பு மாற்றங்கள் எல்லாம் மழையும் ஆவியாதலும் பனி உருகலும் இடம் மாற்றும் நன்னீரின் விளைவுகள். உப்பின் மொத்தக் கணக்கைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை.

ஆனால் ஹாலி தேடிய பழைய கடல்நீர் வேறொரு வடிவில் கிடைத்திருக்கிறது. ஆதிக் கடல்கள் வற்றி உப்புப் படிகம் வளர்ந்தபோது, படிகத்துக்குள் நுண்ணிய குமிழ்களாக அந்தக் காலத்து உப்புநீர் சிக்கிக்கொண்டது. டிம் லோவென்ஸ்டைனும் உடன் பணியாற்றியவர்களும் இப்படிச் சிக்கிய நீரை ஆராய்ந்து 2001-இல் வெளியிட்ட முடிவுகள், கடந்த 50 கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் கடலின் மக்னீசியமும் கால்சியமும் மாறி மாறி ஏறி இறங்கியதைக் காட்டின. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலக் கடலில் கால்சியம் இன்றைவிட அதிகம், மக்னீசியம் குறைவு. நடுக்கடல் மலைத்தொடர்களின் வெந்நீர் ஓட்டம் கூடிக் குறைவதோடு இந்த ஏற்ற இறக்கத்தை ஆய்வாளர்கள் பலர் தொடர்புபடுத்துகிறார்கள்.

குமிழில் உள்ள நீர் உப்பு படியும் அளவுக்கு ஏற்கனவே சுண்டியது என்பதால், அந்தக் காலக் கடல் மொத்தத்தில் எவ்வளவு கரித்தது என்பதை அதிலிருந்து நேரடியாகப் படிக்க முடியாது. அதற்கு உயிர்களின் பதிவுதான் சாட்சி. பவளங்களும் நட்சத்திர மீன் இனத்தவையும் உப்பு அளவு பெரிதும் மாறினால் தாங்காதவை. நட்சத்திர மீன் இனத்தவற்றின் மரபு 50 கோடி ஆண்டுகளாக அறுபடாமல் தொடர்கிறது. ஆகவே அவ்வளவு காலமும் கடல் நன்னீராகவும் ஆகிவிடவில்லை, உப்பளமாகவும் ஆகிவிடவில்லை. ஆறுகள் ஒரு நொடியும் நிறுத்தாமல் சோடியத்தைக் கொட்டிக்கொண்டிருக்க, களிமண்ணும் கடலடிப் பாறையும் எப்போதோ ஒருமுறை அடைபடும் ஒரு கடலும் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு, கணக்கை ஏறத்தாழச் சமமாக வைத்திருக்கின்றன.